கணக்கு அலுவலகத்தை மாற்றும்போது

சிறு நிறுவனங்கள் பலவற்றில் கணக்கு எழுதுவதற்கென்று தனி ஆள் இருப்பதில்லை. மாதாமாதம் பில்களையும் வங்கி அறிக்கையையும் வெளியிலுள்ள ஒரு கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். டாலியில் பதிவது, ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்வது, டிடிஎஸ், பிஎஃப் எல்லாவற்றையும் அந்த அலுவலகமே பார்த்துக்கொள்ளும். சில ஆண்டுகள் போனதும் கணக்கு நோட்டு மட்டுமின்றி நிறுவனத்தின் சாவிக்கொத்தும் அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கும். ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டு, வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு, பங்குதாரரின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள யுஎஸ்பி டோக்கன் ஆகியவை அந்த அலுவலகத்தின் மேசை இழுப்பறையில் கிடக்கும். அதைவிட முக்கியமானது, ஜிஎஸ்டி பதிவில் நிறுவனத்தின் கைபேசி எண்ணாக அந்த அலுவலக ஊழியர் ஒருவரின் எண்ணே இருக்கக்கூடும். பதிவு எடுத்த நாளில் ஓடிபி உடனே கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிறகு யாரும் அதை மாற்றியிருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட அலுவலகத்தை மாற்றும்போது மூன்று வேலைகள் வரிசையாக நடக்க வேண்டும். எந்த நாளோடு பழையவர் பொறுப்பு முடிகிறது என்று முடிவு செய்வது முதல் வேலை. பதிவேடுகளை வாங்கி, அவை திறக்கின்றனவா, சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது இரண்டாவது. அணுகலை மூடுவது மூன்றாவது. கோபத்தில் மூன்றாவதை முதலில் செய்பவர்கள்தான் அதிகம். பாஸ்வேர்டை மாற்றிய மறுநாளே பழைய அலுவலகத்தின் ஒத்துழைப்பு நின்றுபோகும். ஆனால் தரவோ இன்னும் அவர்களிடம்தான் இருக்கும்.

ஈரோட்டில் துண்டு, போர்வை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கூட்டு நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு பங்குதாரர்கள், ஆண்டு விற்பனை நான்கு கோடி ரூபாய், ஜிஎஸ்டி படிவங்கள் மாதந்தோறும் தாக்கலாகின்றன. கணக்கு அலுவலகத்தை அக்டோபரில் மாற்றுவதென்று முடிவாகிறது.

பொறுப்பு மாறும் நாளை நடப்பு நாளாக வைக்காமல் பரிவர்த்தனை நாளாக வைப்பதே நல்லது. செப்டம்பர் 30 வரையிலான எல்லா பில்லையும் பழைய அலுவலகம் பதிவு செய்ய வேண்டும். அந்த மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அக்டோபர் 11-க்குள்ளும், ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை அக்டோபர் 20-க்குள்ளும், இரண்டாம் காலாண்டின் டிடிஎஸ் விவரத்தை அக்டோபர் 31-க்குள்ளும் அவர்களே தாக்கல் செய்வார்கள். அக்டோபர் 1 முதலான பில்கள் புதியவரிடம் போகும். ஆக, அக்டோபர் மாதம் முழுவதும் இரு அலுவலகங்களும் வேலை செய்யும். இந்த ஒரு மாதத்துக்கு இரட்டைச் செலவு ஆகிறதே என்று உரிமையாளருக்குத் தோன்றலாம். ஆனால் செப்டம்பர் மாதப் படிவத்தைப் புதியவர் தலையில் கட்டினால், தான் எழுதாத கணக்குக்கு அவர் ஒரு வாரத்தில் வரி கணக்கிட வேண்டியிருக்கும். பிழை நேர்ந்தால் யாருடையது என்பதும் தெரியாமல் போகும். நிதியாண்டு முடியும் மார்ச் 31-ல் மாற்றுவது இன்னும் சுத்தமானது என்பது உண்மை. ஆயினும் பழைய அலுவலகம் படிவங்களைத் தொடர்ந்து தாமதமாகத் தாக்கல் செய்கிறது என்றால் ஆறு மாதம் காத்திருப்பதில் பொருளில்லை. ஒரு காலாண்டின் முடிவே போதுமானது.

விலகல் கடிதத்தில் இந்த நாளையும், பழைய அலுவலகம் முடித்துத் தர வேண்டிய தாக்கல்களையும், ஒப்படைக்க வேண்டிய பொருள்களின் பட்டியலையும் எழுதிவிட வேண்டும். கட்டண பாக்கி இருந்தால் தகராறு இல்லாத தொகையைக் கடிதத்தோடே செலுத்திவிடுவது நல்லது. பாக்கிக்காகக் கோப்புகளைப் பிடித்து வைப்பது பல ஊர்களில் நடக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு, தனி ஒப்பந்தம் இல்லாமலே பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமை உள்ளவர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. வங்கியர், உயர்நீதிமன்ற அட்டர்னி போன்றோர் அதில் இருக்கிறார்கள், கணக்கு எழுதுபவர் இல்லை. ஒப்படைத்த பொருளின்மீது திறமையைச் செலுத்தி வேலை செய்தவருக்கு அந்தக் கூலிக்காக மட்டும் சில உரிமை தரும் 170-ஆம் பிரிவை அவர்கள் காட்டக்கூடும். இந்த வாதத்தில் யார் வென்றாலும் அக்டோபர் 20 காத்திருக்காது. தாமதக் கட்டணமும் வட்டியும் வியாபாரியின் பெயரிலேயே விழும். அதனால் பாக்கியைத் தீர்த்துக் கணக்கை வாங்குவதே பெரும்பாலும் செலவு குறைந்த வழி.

இனி பதிவேடுகள். பழைய அலுவலகம் பெரும்பாலும் லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, சில லெட்ஜர்கள் ஆகியவற்றை பிடிஎஃப் கோப்பாக அனுப்பிவிட்டு ஒப்படைத்துவிட்டதாகச் சொல்லும். அது போதாது. வாங்க வேண்டியது டாலியின் நிறுவனத் தரவு முழுவதும், அதாவது டாலியின் `data` அடைவுக்குள் எண்ணைப் பெயராகக் கொண்டிருக்கும் அந்த நிறுவனத்தின் கோப்புறை அப்படியே. டாலி மென்பொருளின் உரிமம் பழைய அலுவலகத்துடையதாக இருக்கலாம். அதைக் கேட்க வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் தரவு வியாபாரியுடையது.

முழுத் தரவு ஏன் வேண்டும் என்பது கடனாளிகள் பட்டியலைப் பார்த்தால் புரியும். ஒரு கடைக்காரர் ₹1,80,000 தர வேண்டும் என்று பிடிஎஃப் சொல்கிறது. அது எந்தெந்த பில்லுக்கானது, எந்த பில் தொண்ணூறு நாளைத் தாண்டியது என்பது அதில் இல்லை. புதிய அலுவலகம் அந்த மொத்தத் தொகையை ஆரம்ப இருப்பாகப் போட்டுப் புதுக் கணக்கைத் தொடங்கினால் பில்வாரி விவரம் அன்றோடு அழிந்துபோகும். அடுத்த மாதம் கடைக்காரர் ₹40,000 அனுப்பும்போது எந்த பில்லில் கழிப்பது என்று யாருக்கும் தெரியாது. ஆரம்ப இருப்புகளைக் கையால் ஏற்றிய கணக்கில் இன்னொரு அடையாளமும் தோன்றுவதுண்டு. இருப்புநிலைக் குறிப்பின் அடியில் `Difference in opening balances` என்று டாலியே ஒரு வரி காட்டும். ஏதோ ஒரு லெட்ஜர் விடுபட்டது அல்லது தவறாக ஏறியது என்பதே அதன் பொருள்.

தரவு கைக்கு வந்ததும் அதைப் புதிய அலுவலகத்தின் கணினியில் திறந்து பார்க்க வேண்டும். பழைய அலுவலகம் அந்த நிறுவனத்துக்கு டாலிவால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் தரவு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அந்தப் பாஸ்வேர்டு தொலைந்தால் டாலி நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. டாலிவால்ட் இல்லாவிட்டாலும் நிர்வாகிப் பயனரின் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும், சாதாரணப் பயனராக நுழைந்தால் பாதி அறிக்கைகள் திறக்காமல் போகலாம். பதிப்பையும் கவனிக்க வேண்டும். புதிய பதிப்பில் எழுதிய தரவைப் பழைய பதிப்பால் திறக்க முடிவதில்லை. பென்டிரைவில் வந்தது என்று பெட்டகத்தில் வைத்துவிட்டு மார்ச் மாதம் திறந்து பார்க்கும்போது பாஸ்வேர்டு கேட்டால், அதைத் தெரிந்த ஊழியர் அந்த அலுவலகத்தை விட்டே போயிருப்பார்.

டாலிக்கு வெளியே இருக்கும் கோப்புகளும் உண்டு. தாக்கல் செய்த டிடிஎஸ் விவரங்களின் மூலக் கோப்புகள், சம்பளப் பட்டியல், பங்குதாரர் ஒப்பந்தம், கடன் ஒப்பந்தங்கள், பழைய தணிக்கை அறிக்கைகள், துறையிடமிருந்து வந்த நோட்டீஸ்களும் அவற்றுக்குக் கொடுத்த பதில்களும் ஆகியவை. ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு நிதியாண்டின் பதிவேடுகளை அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024–25-ஆம் ஆண்டுக்கு அது 2031 டிசம்பர் இறுதி வரை போகிறது. வைத்திருக்கும் கடமை வியாபாரியுடையது. பழைய ஆண்டுகளின் தரவையும் சேர்த்துக் கேட்பதற்கு இதுவே காரணம்.

திறந்த கணக்கு சரியானதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு நூறு சோதனைகள் தேவையில்லை. வெளியார் சொல்லும் எண்ணோடு கணக்கின் எண்ணை ஒப்பிட்டால் போதும். வங்கி சொல்வது ஒரு வெளி எண், ஜிஎஸ்டி தளம் சொல்வது இன்னொன்று. இவற்றில் ஒத்துப்போகும் கணக்கில் பெரிய ஓட்டை அரிதாகவே இருக்கும்.

ஈரோட்டு நிறுவனத்தின் டாலியில் செப்டம்பர் 30 அன்று வங்கி இருப்பு ₹6,42,310 என்று இருக்கிறது. வங்கி அறிக்கையில் ₹6,18,710. வித்தியாசம் ₹23,600. வங்கியில் போட்டு இன்னும் வசூலாகாத காசோலையாக இருக்கலாம் என்று பழைய அலுவலகம் சொல்கிறது. அது உண்மையென்றால் அக்டோபர் முதல் வாரத்தில் அந்தத் தொகை வங்கியில் வரவாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. புதியவர் ஒவ்வொரு மாதக் கடைசி நாளின் இரு இருப்புகளையும் எடுத்து அருகருகே எழுதுகிறார். ஆகஸ்ட் இறுதியிலும் அதே ₹23,600, ஜூன் இறுதியிலும் அதே, மார்ச் 31-லும் அதே. ஜனவரி 31-ல் வித்தியாசமே இல்லை. ஆகவே சிக்கல் பிப்ரவரியில் பிறந்தது. அந்த ஒரு மாதத்தின் வங்கி அறிக்கையைப் படித்ததும் விடை கிடைக்கிறது. கடன் வரம்பைப் புதுப்பித்ததற்கான செயலாக்கக் கட்டணம் ₹20,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ₹3,600 என வங்கி தானாகவே கழித்திருக்கிறது. டாலியில் அது ஏறவே இல்லை. எட்டு மாதமாக யாரும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடவில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ஜிஎஸ்டி பக்கம் இதையே உறுதிப்படுத்தும். வங்கியிடம் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருந்தால் அந்தக் கட்டண பில் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் தோன்றியிருக்கும். அதிலுள்ள ₹3,600 உள்ளீட்டு வரி வரவை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். இங்கே நாள் முக்கியம். ஒரு நிதியாண்டின் பில்லுக்கான உள்ளீட்டு வரியை அடுத்த நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டின் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் எடுத்தாக வேண்டும். சென்ற பிப்ரவரி பில் சென்ற நிதியாண்டுக்கு உரியது. அக்டோபரில் கண்டுபிடித்தால் அந்த ₹3,600 கிடைக்கும், டிசம்பரில் கண்டுபிடித்தால் கிடைக்காது. கையிருப்புக் கணக்கைச் சரிபார்க்கும் வேலையை அலுவலகம் மாறிய பிறகு சாவகாசமாகச் செய்யலாம் என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இந்தச் சிறு தொகையே சான்று. பெரிய கொள்முதல் பில் ஒன்று இப்படி விடுபட்டிருந்தால் இழப்பு லட்சங்களில் போகும்.

ஒத்துவராத தொகையையெல்லாம் சஸ்பென்ஸ் லெட்ஜரில் போட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. அதில் இருப்பு இருந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் பழைய அலுவலகத்திடம் விளக்கம் கேட்க வேண்டும். கேட்க ஏற்ற காலம், அவர்கள் இன்னும் பொறுப்பில் இருக்கும் அந்த அக்டோபர் மாதம்தான்.

இவையெல்லாம் முடிந்த பிறகு அணுகலை மூடும் வேலை. பாஸ்வேர்டை மாற்றினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அரசுத் தளங்களைப் பொறுத்தவரை பாஸ்வேர்டு பெரிய பூட்டு அல்ல. மறந்துவிட்டது என்று அழுத்திப் புதுப் பாஸ்வேர்டு வாங்க ஓடிபி வேண்டும், அந்த ஓடிபி பதிவாகியுள்ள கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் போகிறது. அவை பழைய அலுவலகத்துடையவை என்றால் எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் கதவு அவர்களுக்குத் திறந்தே இருக்கும். எனவே முதலில் மாற வேண்டியது கைபேசி எண்ணும் மின்னஞ்சலும். அதன் பிறகே பாஸ்வேர்டு.

ஜிஎஸ்டி தளத்தில் இதற்கான இடம் `Services > Registration > Amendment of Registration Non-Core Fields`. அங்கே அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் விவரத்தில் புதிய எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்து, அவற்றுக்கு வரும் ஓடிபியால் உறுதி செய்ய வேண்டும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் கட்டத்தில் கேட்கும் ஓடிபி இன்னும் பழைய எண்ணுக்கே போகக்கூடும். அதனால் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் உறவு நன்றாக இருக்கும்போதே, முடிந்தால் பழைய அலுவலகத்தில் உட்கார்ந்தே, முடித்துவிடுவது நல்லது. எண் மாறிய பிறகும் செப்டம்பர் மாதப் படிவங்களை அவர்களால் தாக்கல் செய்ய முடியும். ஓடிபி வரும்போது பங்குதாரர் சொன்னால் போதும், எதற்குச் சொல்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர்கள் ஒத்துழைக்க மறுத்தால் வேறு வழி இருக்கிறது. நிறுவனம் எந்த ஜிஎஸ்டி அதிகாரியின் எல்லைக்குள் வருகிறதோ அவரை அணுகி, கையொப்பதாரரின் அடையாளச் சான்றையும் நிறுவனத்தோடு அவருக்குள்ள தொடர்பின் சான்றையும் கொடுக்க வேண்டும். அதிகாரி சரிபார்த்துத் தன் பக்கத்திலிருந்தே புதிய மின்னஞ்சலையும் எண்ணையும் பதிவு செய்வார். தற்காலிகப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அந்த மின்னஞ்சலுக்கு வரும். இடைத்தரகர்களிடம் சிக்கிய பதிவுகளை மீட்பதற்காகவே 2018-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது.

உள்ளே நுழைந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இரண்டு பக்கங்களைத் திறந்து பார்க்க வேண்டும். ஒன்று `View Notices and Orders`, மற்றொன்று `View Additional Notices/Orders`. துறையின் நோட்டீஸ்கள் இந்த இரண்டு இடங்களில்தான் விழும், அறிவிப்பு பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். வியாபாரிக்குத் தெரியாமலே ஒரு நோட்டீஸ் உத்தரவாக மாறியிருக்கக்கூடும். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் உண்டு, தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதைத் தாண்டிவிட்டால் உயர்நீதிமன்றம் வரை போக வேண்டிவரும். அலுவலகம் மாற்றியவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டிய பக்கம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வெளி மென்பொருள் வழியாக ஜிஎஸ்டி தளத்துக்குப் போகும் இன்னொரு பாதையும் இருக்கிறது. பல அலுவலகங்கள் தங்கள் மென்பொருளிலிருந்தே 2பி அறிக்கையை இறக்கிக்கொள்ளும். அதற்கான அனுமதி `My Profile > Manage API Access` என்ற இடத்தில் இருக்கிறது, அதை நிறுத்திவிட வேண்டும். மின்வழி பில் தளத்துக்குத் தனிப் பயனர் பெயர் உண்டு. அதன் கீழ் துணைப் பயனர்களை உருவாக்கியிருந்தால் ஒவ்வொருவரையும் பார்த்து முடக்க வேண்டும். வருமான வரித் தளத்தில் `Authorised Partners` என்ற தலைப்பின் கீழ் பட்டயக் கணக்காளரின் பெயரும் மின்தாக்கல் இடைத்தரகரின் பெயரும் தனித்தனியாக இருக்கும். பாஸ்வேர்டு மாறினாலும் இந்த அனுமதிகள் தாமாக நீங்குவதில்லை. ஆனால் தணிக்கை அறிக்கை ஏதாவது பாதியில் நிற்கிறதா என்று பார்த்த பின்பே பட்டயக் கணக்காளரின் பெயரை நீக்க வேண்டும். டிடிஎஸ்ஸுக்கான ட்ரேசஸ் தளம், பிஎஃப், இஎஸ்ஐ தளங்கள் ஆகியவற்றிலும் இதே வரிசை: எண், மின்னஞ்சல், பிறகு பாஸ்வேர்டு.

யுஎஸ்பி டோக்கனை நேரில் வாங்கி, அதன் பின் எண்ணை அன்றே மாற்ற வேண்டும். அதிலுள்ளது பங்குதாரரின் கையெழுத்துக்குச் சமம். அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு கையொப்பம் யாருடையதோ அவர்மீதே வைக்கிறது. டோக்கன் எங்கோ தவறிவிட்டது என்று சொன்னால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி அதை ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்குவதுதான் முறை. காலாவதி ஆக இன்னும் சில மாதங்களே உள்ளன என்று விட்டுவைக்கக் கூடாது.

வங்கியில் பார்க்க மட்டும் அனுமதியுள்ள பயனராகக் கணக்கு அலுவலகம் இருந்தால் அதை நீக்க எழுத்து மூலம் கோரிக்கை தர வேண்டும். மாத அறிக்கை அவர்கள் மின்னஞ்சலுக்குத் தானாகப் போகும் ஏற்பாடும் இருக்கலாம். வரி கட்டுவதற்கென்று கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகள் அவர்களிடம் இருந்தால் எண்களைப் பார்த்துத் திரும்ப வாங்க வேண்டும், கிடைக்காதவற்றுக்கு வங்கியில் பணம் நிறுத்த உத்தரவு கொடுக்க வேண்டும். எல்லாரும் மறக்கும் ஒன்று கடையின் கணினியிலேயே இருக்கிறது. டாலியில் ஒரு பிழையைத் திருத்த எப்போதோ நிறுவிய `AnyDesk` போன்ற தொலை இயக்க மென்பொருளில், இந்தப் பக்கம் யாரும் அனுமதி அழுத்தாமலே நுழைவதற்கான நிலையான பாஸ்வேர்டு போட்டிருக்கலாம். மற்றக் கதவுகள் எல்லாம் மூடிய பிறகும் அந்தக் கணினி வழியாக டாலியும், அதில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் திறந்தே கிடக்கும். அந்த மென்பொருளை நீக்கிவிடுவதே பாதுகாப்பு.

புதிய அலுவலகத்துக்கு அணுகல் கொடுக்கும்போது கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பங்குதாரருடையவையாகவே இருக்கட்டும். ஓடிபி கேட்டு அவர்கள் மாதம் நான்கைந்து முறை அழைப்பது தொந்தரவுதான். அந்தத் தொந்தரவே தன் பெயரில் என்ன தாக்கலாகிறது என்று உரிமையாளர் அறியும் வழி. வங்கியில் பார்க்கும் அனுமதிக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

அக்டோபர் இறுதியில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்படைப்புக் கடிதம் ஒன்று உருவாக வேண்டும். எந்தெந்த ஆண்டுகளின் தரவு, எத்தனை டோக்கன், எந்தக் காசோலைகள், கடைசியாகத் தாக்கலான படிவங்களும் அவற்றின் ஒப்புகை எண்களும் அதில் இருக்கும். பழைய அலுவலகம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எழுதிய கணக்கு, நிதியாண்டு முடிந்த பிறகு புதியவர் தயாரிக்கும் ஆண்டறிக்கையில் பாதியாக இடம்பெறும். அதைத் தாக்கல் செய்யும் கடைசி நாள் அடுத்த ஆண்டு டிசம்பர் 31, அதாவது ஒப்படைப்புக்குப் பதினான்கு மாதம் கழித்து. அந்த ஆறு மாதக் கணக்கைப் பற்றிய கேள்விகளுக்கு அதுவரை பதில் சொல்வதாகப் பழைய அலுவலகத்திடம் அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.